மூரியாவில் ஒரு போலி ஃபியோர்டு

தென் பசிபிக்கில் தாஹிட்டியிலிருந்து மூரியா தீவு 17 கிலோமீட்டர்தான். பப்பியெத்தே துறையில் படகேறினால் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. இறங்கியதும் வண்டி எடுத்துக்கொண்டு அன்னாசித் தோட்டங்கள் வழியாக பெல்வெதேர் காட்சிமுனைக்கு ஏறினேன். எதிரே 899 மீட்டர் ரோத்துயி மலை. அதன் இடப்பக்கம் ஒபுனோஹு விரிகுடா, வலப்பக்கம் குக் விரிகுடா. இரண்டுமே மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்த கடல். ஒபுனோஹு பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து, ஊர் பெயர் போடாமல் குடும்பக் குழுவில் அனுப்பினேன்.

தம்பி மகனிடமிருந்து உடனே பதில்: "பெரியப்பா, நார்வேயா? இல்லை நியூசிலாந்தா?"

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஃபியோர்டு என்றால் பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டு அப்படி ஒன்று; அங்கேயும் இதே மாதிரி கூர்மலை, இருண்ட நீர், கரைவரை காடு. பச்சையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. மலையின் உச்சியும் உதவாது; பனியாறு செதுக்கினாலும் மழை அரித்தாலும் உச்சி கூராகத்தான் நிற்கும். பார்க்க வேண்டியது மலையின் கால்.

பனியாறு ஒரு பள்ளத்தாக்கை முழுதாக அடைத்துக்கொண்டு நகரும். பக்கத்து மலைகளிலிருந்து நீட்டிக்கொண்டு வரும் முனைகளையெல்லாம் சீவிவிடும். மில்ஃபோர்டில் படகில் போகும்போது பக்கச் சுவர் செங்குத்தாக, ஏறக்குறைய வழவழவென்று இறங்குவது தெரியும். கிளைப் பள்ளத்தாக்குகளின் பனி அத்தனை ஆழம் தோண்டவில்லை. அதனால் அவை பாதி உயரத்திலேயே அந்தரத்தில் நின்றுவிடும். ஸ்டிர்லிங் அருவி அப்படி ஒரு விளிம்பிலிருந்துதான் 150 மீட்டர் கீழே கொட்டுகிறது.

மூரியாவில் அந்தச் சீவல் இல்லை. மழை கீறிய ஓடைகள் உச்சியில் தொடங்கி, புடவைக் கொசுவம் மாதிரி நெருக்கமாகக் கடல்வரை இறங்குகின்றன. கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீருக்குள் ஒரு முனையை நீட்டுகிறது. இது பழைய எரிமலை. ஆறுகள் அரித்த பள்ளத்தாக்கில் கடல் ஏறியதுதான் இந்த விரிகுடா. பனியுகத்தில் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது ஆறு இன்னும் கீழே இறங்கி வெட்டியது. பிறகு கடல் திரும்பி வந்து நிரப்பிக்கொண்டது.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "சரி, எரிமலைத்தீவு. ஆனால் எந்தக் கடல்?" என்றான்.

அதற்கு அடுத்த படம். அதில் விரிகுடாவின் வாய்க்கு வெளியே, கரையிலிருந்து தள்ளி, ஒரு வெள்ளைக் கோடு. பவளத்திட்டில் அலை உடையும் இடம் அது. கோட்டுக்கு உள்ளே வெளிர் நீலம், வெளியே கருநீலம். விரிகுடாவுக்கு நேர் எதிரே மட்டும் கோடு அறுந்திருக்கிறது. ஆற்றின் நன்னீரும் சேறும் வருகிற இடத்தில் பவளம் நன்றாக வளராது. கப்பல் நுழையும் வாசல் அங்கேதான். வெறும் நீல நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. நார்வேயின் லோஃபோட்டனில், வெயில் நாளில், வெண்மணல் கடற்கரை அச்சு அசலாக வெப்பமண்டலம் போலத் தெரியும். அங்கே அலை நேராகக் கரைக்கு வரும். தொலைவில் வெள்ளைக்கோடு இருக்காது.

எரிமலையும் பவளமும் சேர்ந்திருந்தால், தீவு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். எரிமலை மெல்ல அமிழ, பவளம் மேலே வளர்ந்துகொண்டே போகிறது என்பது டார்வின் 1842இல் எழுதிய விளக்கம். தாஹிட்டியில் மலை பெரிது; பவளத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள வெளிர்நீல நீர், அதாவது லகூன், குறுகல். போரா போரா தீவில் 727 மீட்டர் மலையைச் சுற்றி மிக அகன்ற லகூன். துவாமோத்து தீவுகளில் மலையே இல்லை, பவள வளையம் மட்டும். மாலத்தீவும் அந்த நிலைதான். படத்தில் ஒரு குன்று தெரிந்தாலே மாலத்தீவு அடிபட்டுப்போகும். என் படத்தில் உயர்ந்த மலை, ஆழமான விரிகுடா, குறுகிய லகூன். மொரீஷியஸிலும் எரிமலையும் பவளமும் உண்டு, ஆனால் அங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவே கரும்பு விளையும் அகன்ற சமவெளி பல இடங்களில் வந்துவிடும். குக் தீவுகளின் ரரோடோங்காவில் இப்படி ஆழமான விரிகுடா கிடையாது. மிச்சம் மூரியா.

பையன் விடவில்லை. பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான்: படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகக் கறுத்த பாறை, மரமே இல்லாத பச்சை, நடுவே அகன்று வளைந்த பள்ளத்தாக்கு. பனியாறு, எரிமலை, பவளம் என்று ஒவ்வொரு படத்தையும் ஒரு பெட்டியில் போடும் கணக்கு இங்கேதான் உடைகிறது. அடுக்குகள் எரிமலைக் குழம்பு, பள்ளத்தாக்கு பனியாறு. இரண்டும் ஒரே இடத்தில். பாறை என்ன என்பதும் அதைக் கடைசியாகச் செதுக்கியது எது என்பதும் வேறு வேறு கேள்விகள். வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகள் அல்லது ஐஸ்லாந்தின் ஃபியோர்டுகள் என்று எழுதினேன். நிலத்தை மட்டும் வைத்து அதற்கு மேல் போக முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நாலைந்து வீடுகள், கூரைமேல் புல். ஃபாரோ என்று திருத்தி அனுப்பினேன்.