இஞ்ச் டேப்பும் நிலைத்த புள்ளியும்

சென்னையில் ஒரு கல்லூரியில் இளநிலைக் கணித மாணவர்களுக்கு மெய்யெண் பகுப்பாய்வு நடத்தத் தொடங்கிய ஆண்டில், மூடிய இடைவெளியிலிருந்து அதே இடைவெளிக்குச் செல்லும் தொடர்ச்சியான சார்புக்கு ஒரு நிலைத்த புள்ளி உண்டு என்ற தேற்றத்தை நான் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன். நிலைத்த புள்ளி என்றால் f(c) = c ஆகும்படியான c. கரும்பலகையில் நிரூபணம் நான்கு வரிகளுக்கு மேல் போகவில்லை. மாணவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பருவத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான், அந்த நான்கு வரிகளில் எந்தச் சொல் எந்த வேலையைச் செய்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பாதிப் பேர் சார்பு "அதே இடைவெளிக்குள்" விழ வேண்டும் என்ற நிபந்தனையை எழுதவில்லை. எழுதிய பலரும் அதை எந்த வரியிலும் பயன்படுத்தவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்புக்கு முன்பு தியாகராய நகரில் தையல் சாமான்கள் விற்கும் கடையில் இரண்டு இஞ்ச் டேப்புகள் வாங்கினேன். தையற்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பார்களே, ஒரு பக்கம் 60 அங்குலமும் மறுபக்கம் 150 சென்டிமீட்டரும் குறித்த டேப், அதுதான். ஒன்றை மேசை ஓரமாக நீளவாக்கில் ஒட்டினேன். முதல் வரிசையில் இருந்த மாணவியிடம் இரண்டாவதைக் கொடுத்து, "இதை எப்படி வேண்டுமானாலும் மடித்து முதல் டேப்பின் மேல் வைம்மா, ஆனால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, கத்தரிக்கவும் கூடாது" என்றேன். அவள் மேல் டேப்பின் 0 குறியைக் கீழ் டேப்பின் 40-இல் வைத்து, வலப்புறமாக 140 வரை நீட்டி, அங்கே மடித்து, மீதியை இடப்புறமாகத் திருப்பிவிட்டாள். மேல் டேப்பின் கடைசி முனையான 150 கீழ் டேப்பின் 90-இல் போய் உட்கார்ந்தது. "மேல் டேப்பில் ஏதோ ஒரு குறி, கீழ் டேப்பில் உள்ள அதே குறியின் மேலே சரியாக நிற்கிறது, தேடிப் பார்" என்றேன். மடிப்பைத் தாண்டித் திரும்பி வரும் பகுதியில் 120-க்கு மேல் 120 நின்றது. அவளே கணக்கும் போட்டாள்: மடிப்பிலிருந்து t சென்டிமீட்டர் தள்ளி மேல் டேப்பில் இருக்கும் குறி 100 + t, அதன் இடம் 140 − t, இரண்டும் சமமாக t = 20.

இந்த விளையாட்டில் தேற்றத்தின் எல்லா நிபந்தனைகளும் கையில் தட்டுப்படுகின்றன. மேல் டேப்பின் x என்ற குறி கீழ் டேப்பில் விழும் இடமே f(x). கத்தரிக்கக் கூடாது என்பது தொடர்ச்சி. வெளியே நீட்டக் கூடாது என்பது இடைவெளி தனக்குள்ளேயே செல்கிறது என்ற நிபந்தனை. கத்தரிக்க அனுமதித்தால் என்ன ஆகும் என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். 75-இல் வெட்டி இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி வைத்தால், ஒவ்வொரு குறியும் தன் இடத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஒன்றுகூடத் தன் மேல் நிற்காது. வெளியே நீட்டலாம் என்றால் இன்னும் எளிது: டேப்பைப் பத்து சென்டிமீட்டர் வலப்புறம் நகர்த்தினால் போதும்.

நிரூபணத்தை இதற்குப் பிறகுதான் எழுதினேன். இடைவெளி [a, b] என்க. g(x) = f(x) − x என்ற புதிய சார்பை எடுத்துக்கொள்கிறோம்; ஒவ்வொரு குறியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறது என்பதை இது அளக்கிறது. f தொடர்ச்சியானது, x-உம் தொடர்ச்சியானது, ஆகவே g தொடர்ச்சியானது. f(a) என்பது [a, b]-க்குள் இருப்பதால் a-ஐ விடக் குறைய முடியாது, அதனால் g(a) ≥ 0. அதே காரணத்தால் f(b) என்பது b-ஐ விட மிக முடியாது, அதனால் g(b) ≤ 0. மாணவியின் மடிப்பில் இவை 40, −60. இரண்டில் ஒன்று பூச்சியமானால் அந்த முனையே நிலைத்த புள்ளி. இல்லாவிட்டால் g இடது முனையில் மிகை, வலது முனையில் குறை; 1817-இல் போல்சானோ நிரூபித்த இடைமதிப்புத் தேற்றத்தின்படி நடுவில் எங்கோ g(c) = 0 ஆகிறது, அதாவது f(c) = c.

முனைகள் நிலைத்த புள்ளியாக இருக்கலாம் என்ற வரியை விட்டுவிட்டு, g(a) > 0, g(b) < 0 என்று நேரே எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இதற்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன், அது கறார்த்தனம் என்று நான் நினைக்கவில்லை. [0, 1]-இல் f(x) = x² என்ற சார்பை எடுத்துப் பாருங்கள். அதற்கு நிலைத்த புள்ளிகள் 0-உம் 1-உம் மட்டுமே. உள்ளே ஒன்றுகூட இல்லை. முனைகளைப் பார்க்காத நிரூபணம், உள்ளே ஒன்று இருக்கிறது என்ற பொய்யை நிரூபித்துவிடுகிறது. இதே சார்பை முனைகள் இல்லாத (0, 1) என்ற திறந்த இடைவெளியில் வைத்தால், தொடர்ச்சியும் இருக்கும், தனக்குள்ளேயேயும் செல்லும், ஆனால் நிலைத்த புள்ளி இருக்காது. மூடிய இடைவெளி என்று தேற்றம் ஏன் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்த விடைத்தாள் வேறு வகையைச் சேர்ந்தது. ஒரு மாணவன் இடைமதிப்புத் தேற்றத்தைத் தொடவே இல்லை. ஏதாவது ஒரு x₁-இல் தொடங்கி, x₂ = f(x₁), x₃ = f(x₂) என்று போய்க்கொண்டே இருந்தால், இந்தத் தொடர்முறை ஓர் எல்லையை நெருங்கும், அந்த எல்லையே நிலைத்த புள்ளி என்று எழுதியிருந்தான். அவனை ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லி, எங்கிருந்து வந்தது இந்த எண்ணம் என்று கேட்டேன். "கால்குலேட்டரில் கொசைன் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன் மேம், ஒரே எண்ணில் வந்து நின்றுவிட்டது" என்றான்.

அவன் கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தேன். 1-இல் தொடங்கினால் ஒரே அழுத்தலில் 0.99985 வந்தது, அதன் பிறகு அந்த ஐந்து இலக்கங்கள் அசையவில்லை. திரையின் மூலையில் பாகை அளவுக்கான குறி இருந்தது. ரேடியனுக்கு மாற்றி மீண்டும் அழுத்தச் சொன்னேன்: 0.5403, 0.8576, 0.6543, 0.7935 என்று மேலும் கீழுமாக ஆடி, இருபது முப்பது அழுத்தல்களுக்குப் பிறகு 0.7391 அருகே அடங்கியது. முதலில் வந்தது தப்பா என்று கேட்டான். தப்பில்லை, இரண்டும் வெவ்வேறு சார்புகள். இரண்டுமே [0, 1]-ஐத் தனக்குள்ளேயே அனுப்பும் தொடர்ச்சியான சார்புகள், இரண்டுக்கும் தேற்றம் பொருந்துகிறது. பாகையில் வளைகோடு அந்தப் புள்ளியருகே ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் உடனே நிற்கிறது. ரேடியனில் சாய்வு −0.67 அளவில் இருப்பதால், ஒவ்வொரு அழுத்தலிலும் பிழை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக மட்டுமே சுருங்குகிறது.

அவன் வாதத்தில் பாதி முற்றிலும் சரி. தொடர்முறை ஓர் எல்லையை நெருங்கினால், f-இன் தொடர்ச்சி காரணமாக அந்த எல்லை நிலைத்த புள்ளியாகவே இருக்கும். நெருங்கும் என்பதற்குத்தான் அவனிடம் காரணம் இல்லை. f(x) = 1 − x என்று தாளில் எழுதிக் கொடுத்து 0.2-இல் தொடங்கச் சொன்னேன். 0.8, 0.2, 0.8, 0.2. நிலைத்த புள்ளி 0.5 நடுவில் இருக்கிறது. தொடர்முறை அதன் இரு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கிறதே தவிர ஒருபோதும் கிட்டே போவதில்லை. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றால் இருக்கிறது என்று தெரிந்தும் கண்டுபிடிக்க வழி இல்லையா மேம்?" என்று கேட்டான்.

வழி இருக்கிறது, அது நிரூபணத்துக்குள்ளேயே இருக்கிறது. f-ஐத் திரும்பத் திரும்பப் போடாமல் g-இன் குறியைப் பார்த்து இடைவெளியைப் பாதிபாதியாக வெட்ட வேண்டும். ரேடியனில் கொசைனுக்கு g(0) = 1, g(1) = −0.4597. நடுவில் g(0.5) = 0.3776, மிகை, ஆகவே இடது பாதியை விட்டுவிடலாம். g(0.75) = −0.0183, குறை, ஆகவே தேடுவது 0.5-க்கும் 0.75-க்கும் நடுவில். இப்படிப் பத்து முறை வெட்டினால் இடைவெளியின் நீளம் 1/1024, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாய்வு எதுவானாலும் இது நின்றுபோகாது. ஆனால் நிலைத்த புள்ளிகள் பல இருந்தால் இது ஒன்றைத்தான் பிடிக்கும், எல்லாவற்றையும் காட்டாது. எத்தனை இருக்கின்றன என்பதைப் பற்றித் தேற்றமும் வாய் திறப்பதில்லை; f(x) = x என்றால் எல்லாப் புள்ளிகளுமே நிலைத்தவை.

பாதிபாதியாக வெட்டும்போது இடது முனைகள் வலப்புறமாகவும் வலது முனைகள் இடப்புறமாகவும் நகர்ந்து, நீளம் பூச்சியத்தை நெருங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் எண் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை அவன் கேட்கவில்லை, நானே கேட்டேன், ஏனென்றால் தேற்றத்தின் முழு பாரமும் இங்கேதான் இறங்குகிறது. f(x) = 1/(1 + x) என்ற சார்பு [0, 1]-ஐத் தனக்குள் அனுப்புகிறது; x விகிதமுறு எண்ணாக இருந்தால் f(x)-உம் விகிதமுறு எண்ணே. உலகில் விகிதமுறு எண்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடர்ச்சி அப்படியே இருக்கிறது, இரு முனைகளும் இருக்கின்றன, g(0) = 1, g(1) = −0.5. வெட்டிக்கொண்டே போகலாம், எல்லா முனைகளும் விகிதமுறு எண்களாகவே வரும். ஆனால் நிலைத்த புள்ளி x² + x = 1 என்ற சமன்பாட்டை நிறைவு செய்ய வேண்டும், அதன் மிகை மூலம் (√5 − 1)/2, ஏறக்குறைய 0.618, அது விகிதமுறு எண் அல்ல.

அன்று மாலை அவன் 3/5, 5/8, 8/13 என்று இந்தச் சார்பின் தொடர்முறையைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனான். ஆசிரியர் அறையைப் பூட்ட அலுவலக உதவியாளர் வந்து நின்றபோது 55/89-இல் இருந்தான். அடுத்த வாரத் திருத்தத் தாளில், இடைமதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்திய வரிக்குப் பக்கத்தில், மெய்யெண்களின் வரிசையில் எங்கும் ஓட்டை இல்லை என்ற முழுமைப் பண்பு இங்கே தேவைப்படுகிறது என்று அவனாகவே எழுதியிருந்தான். அதன் பிறகு நானும் கரும்பலகையில் அந்த வரியைச் சேர்த்தே எழுதி வருகிறேன்.