31 சதுர அடிக்கு ரெண்டு ஷீட்டு

ஒறம்பரை வந்தா படுக்கறதுக்கு ஒரு கட்டில் வேணும்னு எங்க வீட்டம்மா சொல்லி, கோபில ஒரு பர்னிச்சர் கடைக்குப் போனோம். 60க்கு 75 இன்ச் மெத்தை போடற சைஸ், டெலிவரி, மாட்டிக் குடுக்கறது எல்லாம் சேத்து 28,500ன்னாங்க. பாக்க தேக்காட்டவே இருந்துச்சு, குனிஞ்சு அடிப்பக்கம் ஸ்க்ரூ ஓட்டைய நகத்துல நோண்டுனா தூள் கொட்டுது, கால் மட்டும் ரப்பர் மரம், சைடு பலகை பார்ட்டிகிள் போர்டு மேல பேப்பர் ஒட்டுனது. ஒருக்கா கழட்டி மாட்டுனா அந்த ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது, நாங்களோ வாடகை வீடு.

சரின்னு ஆசாரியார்கிட்ட கேட்டா, "மரம் பன்னண்டாயிரம், கூலி ஒம்பதாயிரம்ங்க". 21,000 தான்னு வீட்டம்மாவுக்கு ஒரே குசி, நாட்டுத் தேக்கு, கன அடி 3000, மொத்தம் 4 கன அடி.

அப்பறந்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. மரக்கடைல 6க்கு ஒன்றரை இன்ச்னு காசு வாங்கற பலகை, ரெண்டு பக்கமும் இழைச்சு முடிச்சா அஞ்சே முக்காலுக்கு ஒண்ணேகாலா நிக்குது, அஞ்சுல ஒரு பங்கு சீவலாப் போயிருச்சுங்க. அந்தச் சீவலை அம்மிச்சி ஒண்ணுவிடாம அள்ளி வெந்நி அடுப்புக்குள்ள வெச்சுட்டாங்க, தேக்குல காய்ச்சுன தண்ணில குளிச்ச குடும்பம் எங்களுது.

பெரிய சண்டை பிளைவுட்லதான். மெத்தைக்குக் கீழ 31 சதுர அடி சொச்சம், ஒரு ஷீட்டு 8க்கு 4, அதாவது 32. "ஒண்ணு போதுமல்லங்க?"ன்னேன். ஆசாரியார் பென்சிலைக் காதுலிருந்து எடுத்து தரையிலயே கோடு போட்டாரு: அகலம் 5 அடி வேணும், ஷீட்டு 4 அடிதான், மிச்சம் ஒரு அடிப் பட்டை ஆறேகால் நீளத்துக்கு வேணும், நீளத்துல மீதி ஒண்ணேமுக்கால் அடித் துண்டு, அதுல எப்படி அறுத்தாலும் ஒரே துண்டா வராது. ஆக ஒரு அடிப் பட்டைக்காக இன்னொரு ஷீட்டு, 12 எம்எம், ரெண்டும் 4,400.

போல்ட்டு, கிளாம்ப்பு 900. பாலிஷுக்குத் தனி ஆளுங்க, உப்புத்தாள், சீலர், கூலி எல்லாம் 4,000, அதுவும் மழை ஈரத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துரும்னு வெயிலுக்குக் காத்திருந்தாரு. குட்டி யானை வாடகை, மாடி ஏத்துன கூலி 1,000.

மொத்தம் 31,300. கடைய விட 2,800 சாஸ்தி. ஆனா நாலு ஆளு புடிச்சுத் தூக்குனாத்தான் அசையுது, கழட்டி மாட்டுனாலும் போல்ட்டு நிக்கும், எனக்கு இது போதும். வெறும் கூலியையும் மரத்தையும் மட்டும் கேட்டுட்டு வந்து ரெடிமேடோட ஒப்பிட்டா மட்டும் கணக்கு கவுந்துரும்.

மிச்ச பிளைவுட்ல ஒரு ஷெல்ப் அடிச்சுக்கலாமான்னு வீட்டம்மா கேட்டாங்க. "தாராளமாங்கம்மணி, கூலி 1,500, பீடிங்கு மைக்கா தனிங்க."