108 வந்தது, 0413 வரவில்லை: டிடிஎம்எஃப் லேபில் நான் சறுக்கிய இடம்

நேற்று ரிசல்ட் வந்தது. எல்லா தியரியிலும் தப்பித்துவிட்டேன். டிஎஸ்பி லேபில் மட்டும் பி கிரேடு. அதற்குக் காரணம் ஒரே ஒரு எண், 64. அடுத்த செமஸ்டரில் இந்த லேப் எழுதப்போகிறவர்களுக்காக, ஆறுவதற்கு முன்பே எழுதி வைக்கிறேன்.

எனக்கு வந்த கேள்வி டிடிஎம்எஃப் டிகோடர். எட்டு அதிர்வெண்களும் மனப்பாடமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். வரிசைக்கு 697, 770, 852, 941. நெடுவரிசைக்கு 1209, 1336, 1477, 1633. சாம்பிளிங் 8000 ஹெர்ட்ஸ். புரோகிராமை நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். 100, 101, 108, 112 எல்லாம் போட்டுப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் வந்தது. புதுச்சேரி பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டும்போது நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

எக்ஸ்டெர்னல் வந்தார். "நம்ம ஊர் எஸ்டிடி கோடு அடிங்க தம்பி" என்றார். 0413 அடித்தேன். திரையில் 0113. திரும்ப அடித்தேன், திரும்பவும் 0113. "சரி, உங்க கடலூர் கோடு?" 04142 அடித்தால் 01112 வருகிறது. அவர் சிரித்தார், எனக்கு வியர்த்தது.

நான் வீட்டில் போட்டுப் பார்த்த எந்த எண்ணிலும் 4, 5, 6 கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது வரிசை முழுக்க முதல் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

கோர்ட்ஸெல் பகுதி இதுதான், இதில் தப்பு இல்லை:

```
k = round(N*f/fs);
c = 2*cos(2*pi*k/N);
s1 = 0; s2 = 0;
for n = 1:N
  s = x(n) + c*s1 - s2;
  s2 = s1; s1 = s;
end
P = s1^2 + s2^2 - c*s1*s2;
```

தப்பு N-இல். எஃப்.எஃப்.டி பழக்கத்தில் இரண்டின் அடுக்காக இருக்கட்டுமே என்று 64 வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 × 697 / 8000 = 5.58, ரவுண்டு செய்தால் 6. 64 × 770 / 8000 = 6.16, இதுவும் 6. இரண்டு அதிர்வெண்ணுக்கும் ஒரே k, ஒரே பில்டர், கடைசி தசமம் வரை ஒரே P. நான் அதிகபட்சத்தை `>` போட்டுத் தேடினேன், அதனால் சமமாக இருக்கும்போது முதலில் வந்த 697 ஜெயித்தது. `>=` போட்டிருந்தால் 1 அடிக்கும்போது 4 வந்திருக்கும், வீட்டிலேயே மாட்டியிருப்பேன்.

இது ரவுண்டிங் கோளாறு மட்டும் என்று நினைக்காதீர்கள். 64 சாம்பிள் என்றால் 8 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கக்கூடிய இடைவெளி 8000/64, அதாவது 125 ஹெர்ட்ஸ். 697-க்கும் 770-க்கும் இடையில் இருப்பதோ 73. என் பக்கத்து சிஸ்டத்துப் பெண்ணும் 64தான் வைத்திருந்தாள், ஆனால் k-ஐ ரவுண்டு செய்யவில்லை. கோர்ட்ஸெலுக்கு k முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் சுத்தமான டோனில் அவளுக்குச் சரியாக வந்தது. எக்ஸ்டெர்னல் இரைச்சலைக் கலக்கச் சொன்னதும் அவளுக்கும் குழம்பியது. அவளுக்கு ஏ கிரேடு. சரி, விடுங்கள்.

புத்தகத்தில் 205 என்று போட்டிருப்பது சும்மா இல்லை. 205 வைத்தால் k மதிப்புகள் 18, 20, 22, 24, 31, 34, 38, 42 என்று தனித்தனியாக விழும். ரவுண்டு செய்வதில் இழப்பதும் அதிகபட்சம் 0.27தான் (770-க்கு 19.73). ஒரு பிளாக் 25.6 மில்லிசெகண்ட், இடைவெளி சுமார் 39 ஹெர்ட்ஸ்.

அப்படியானால் 400 வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று எக்ஸ்டெர்னல் கேட்டார். இங்கேயும் திணறினேன், பதில் பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது. 400 சாம்பிள் 50 மில்லிசெகண்ட். ரிசீவர் 40 மில்லிசெகண்ட் டோனையே ஏற்க வேண்டும், அதாவது பிளாக் முடியும் முன்பே டோன் முடிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. அனுப்பும் போன் 1.5 சதவீதம் வரை பிசகலாம். 1633 அப்படி மேலே நகர்ந்தால் 1657.5 ஆகும். N = 400-இல் k = 82, பில்டரின் நடு 1640. அங்கிருந்து 17.5 ஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் டோனின் வீச்சு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 205-இல் அதே டோன் மூன்றில் இரண்டு பங்கு வீச்சோடு தெரியும். பில்டர் அகலமாகப் போனால் பக்கத்து வரிசை உள்ளே வருகிறது, ஒடுங்கிப் போனால் சரியான டோனே வெளியே போகிறது.

வைவாவில் இன்னொரு கேள்வி: ஒரு கீக்கு எதற்கு இரண்டு டோன்? "16 கீக்கு 8 அதிர்வெண் போதும், மிச்சம்" என்றேன். பாதி மார்க்தான் கொடுத்திருப்பார். முக்கியமான காரணம் பேச்சு. லைனில் குரலும் ஓடுகிறது. யாராவது விசில் அடித்தாலே ஒற்றை டோன் வந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் கீழ்க்கூட்டத்தில் சரியாக ஒன்று, மேல்கூட்டத்தில் சரியாக ஒன்று, வேறெதுவும் இல்லாமல் ஒலிப்பது குரலுக்கு அரிது.

குரலுக்கு அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கும் கூடவே வரும். அதனால்தான் எண்கள் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்தடுத்த அதிர்வெண்களின் விகிதம் ஏறக்குறைய 21/19. 697-இன் இரண்டு மடங்கு 1394. அது 1336-ஐவிட 4.3 சதவீதம் மேலே, 1477-ஐவிட 5.6 சதவீதம் கீழே. 3.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் ரிசீவர் தள்ளிவிட வேண்டும், ஆக இரண்டிலும் மாட்டாது. 770-க்கு 1540, அதுவும் 1477-க்கும் 1633-க்கும் நடுவில் இதே போல விழும். இந்த இரண்டு கணக்கையும் போர்டில் போட்டாலே போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார்கள் (என்று நினைக்கிறேன்).

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்:

- 16 கீயையும் போட்டுப் பாருங்கள். பதினாறையும். 108 போதாது.
- இரண்டு மடங்கு அதிர்வெண்ணிலும் P பாருங்கள். அங்கே பலமாக இருந்தால் அது பேச்சு.
- லைனில் மேல் அதிர்வெண்தான் அதிகம் தேயும். அதனால் வரிசை டோன் 8 டெசிபெல் வரை பலமாக இருந்தாலும் ஏற்கலாம், நெடுவரிசை டோனுக்கு 4 வரைதான்.
- நடுவில் மௌனம் வந்ததா என்று பார்க்காவிட்டால், 200 மில்லிசெகண்ட் அழுத்திய ஒரே 3 ஏழு 3 ஆக அச்சாகும்.
- ஹார்டுவேர் கேள்வி விழுந்து MT8870 கையில் கொடுத்தால், 0 கீக்கு எல்இடியில் 0000 வரவில்லை என்று ஐசியை மாற்றக் கேட்காதீர்கள். அதற்கு 1010தான் வரும். 0000 வருவது D-க்கு.