ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள்: கஞ்சிக்கோட்டில் ஒரு ட்ரெய்னிங் கொட்டேஷன்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் முதலில் பேசிய கம்பெனிக்கு நான்கு நாள் சும்மா உழைத்துக் கொடுத்தேன். ஆட்களிடம் பேசி, ரிஜிஸ்டர்களைப் புரட்டி, எங்கே குறை, என்ன பயிற்சி, எத்தனை மணி நேரம் என்று பதினோரு பக்கத்தில் ப்ரொப்போசல் எழுதினேன். விலை கடைசிப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதே தலைப்புகளை அதே வரிசையில் வேறொருவர் பாதி விலைக்கு நடத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொட்டேஷன் கேட்கும்போதே என் பக்கங்களைத்தான் அவரிடம் நீட்டியிருக்கிறார்கள். ஆய்வு செய்த செலவு அவருக்கு இல்லை, அதனால் விலையும் குறைந்தது.

இன்னும் ஆறவில்லை எனக்கு. ஆனால் அடுத்த கம்பெனியில் ஆய்வுக்குத் தனி விலை, தனி ஆர்டர் என்று மாற்றிக்கொண்டேன். பயிற்சியின் விலையைக் கடைசிவரை பிடித்து நிற்க முடிந்ததற்கும் அதுதான் காரணம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் இதே தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று கணக்கோடு எழுதுகிறேன்.

இரண்டாவது கம்பெனி தகட்டை ப்ரஸ்ஸில் அடித்து வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை. மூன்று ஷிஃப்ட், ஷிஃப்டுக்குப் பதினாறாக 48 சூப்பர்வைசர்கள். பாதிப் பேர் மலையாளம், மீதி தமிழ். ஹெச்.ஆர். மேடம் கேட்டது: "சார், எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்யூனிகேஷன் ட்ரெய்னிங். ஆளுக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க."

கம்யூனிகேஷன் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வருடாந்தர அப்ரைசல் படிவத்தில் 'பயிற்சித் தேவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 48 பேரில் 31 பேருக்குத் துறைத் தலைவர்கள் அதில் கம்யூனிகேஷன் என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டத்தை நம்பி மட்டும் விலை சொல்லிவிடாதீர்கள். மார்ச் கடைசியில் நாற்பது, ஐம்பது படிவத்தை ஒரே மூச்சில் நிரப்புகிறவர், யாரும் மறுத்துப் பேசாத சொல்லைத்தான் எழுதுவார். மேடத்திடம் வேறு கேள்வி கேட்டேன்: "இவங்க பேச்சு சரியில்லாததால போன மாசம் எந்த இடத்துல பணம் போச்சு?" அவருக்குத் தெரியவில்லை. ப்ரொடக்‌ஷன் மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ஷிஃப்ட் மாறின முதல் மணி நேரத்துல ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி."

அங்கேயே ஆய்வுக்கு மூன்று நாள், நாளுக்கு 10,000, மொத்தம் 30,000 என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். அதற்கு முன் மேடத்திடம் பக்குவமாகக் கேட்டு வைத்துக்கொண்டது ஒன்று உண்டு: பர்ச்சேஸுக்குப் போகாமல் அவரே கையெழுத்துப் போடக்கூடிய வரம்பு எவ்வளவு? அங்கே 40,000. கடிதம் அதற்குள் இருந்ததால் மூன்றே நாளில் ஆர்டர் வந்தது. வரம்பு 25,000 என்றிருந்தால் இரண்டு நாள் ஆய்வாகச் சுருக்கியிருப்பேன். ஆய்வறிக்கை அவர்களுக்கே சொந்தம், யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம் என்றும் கடிதத்திலேயே எழுதினேன். கூலி வாங்கிய பிறகு அந்தப் பயம் எனக்கு எதற்கு?

முதல் நாள் வீணானது. சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடவில்லை, விசிட்டர் பாஸிலும் ஷாப் ஃப்ளோர் அனுமதி போடப்படவில்லை. இரண்டையும் போவதற்கு முந்தின நாளே மெயிலில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் மாற்றத்தின்போது ப்ரஸ் பக்கம் நின்றேன். லாக் புக்கில் ஒரு வரி, ஆங்கில எழுத்தில் எழுதிய மலையாளம்: மூன்றாம் ப்ரஸ்ஸில் பிரச்சினை, சொல்லியாகிவிட்டது. யாரிடம் சொன்னார், என்ன பிரச்சினை, ப்ரஸ்ஸின் அச்சான டையை மாற்றினாரா, கேஜ் வைத்து அளவு பார்த்தாரா, ஒன்றுமில்லை. வாங்கிக்கொள்கிறவர் தமிழர். படித்தார், தலையாட்டினார். 2:05-க்கு முந்தைய ஷிஃப்ட்காரர் கிளம்பிவிட்டார், ஏனென்றால் கம்பெனி பஸ் 2:10-க்கு எடுத்துவிடுவார்கள்.

பிறகு நான்கு வாரத்து ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை லாக் புக்கோடு வைத்து ஒப்பிட்டேன். கழிவு வழக்கத்தைவிட ஏறிய இடங்கள் 20. அதில் 13 ஷிஃப்ட் தொடங்கிய முதல் மணி நேரத்தில். அந்தப் பதின்மூன்றில் ஒன்பதில் முந்தைய ஷிஃப்டில் டையை மாற்றியோ சரிசெய்தோ இருக்கிறார்கள், லாக் புக்கில் அது இல்லை. ஆய்வில் எனக்கு வேண்டியிருந்த கணக்கு இது ஒன்றுதான். ஐம்பது கேள்விகளோடு ஃபார்ம் அடித்து எல்லோரிடமும் நிரப்பச் சொல்லியிருந்தால் இது கிடைத்திருக்காது.

அறிக்கையின் முதல் வரியில் பயிற்சியைப் பற்றி எழுதவில்லை. பஸ்ஸை 2:20-க்கு மாற்றுங்கள், மற்ற இரண்டு ஷிஃப்டுக்கும் அதே பத்து நிமிடம் தள்ளுங்கள் என்று எழுதினேன். ஒருவருக்கு அடுத்த ஷிஃப்ட்காரரிடம் வேலையை ஒப்படைக்கத் தெரியாவிட்டால் பயிற்சி கொடுக்கலாம். தெரிந்தும் நேரமில்லை என்றால் எத்தனை வகுப்பு எடுத்தாலும் மாறாது. இதைச் சொல்லாமல் வகுப்பை விற்றால் மூன்று மாதத்தில் ரிஜெக்‌ஷன் அப்படியே இருக்கும், ட்ரெய்னிங் சரியில்லை என்ற பெயர் நமக்கு வரும். பஸ் நேரத்தை அந்த வாரமே மாற்றினார்கள். அதற்குப் பிறகு ப்ரொடக்‌ஷன் மேனேஜர் நம் பக்கம் பேச ஆரம்பித்தார். விலைப் பேச்சில் அது எவ்வளவு பெரிய பலம் என்று பின்னால்தான் தெரிந்தது.

பேட்ச் பிரிப்பதில் இரண்டு இழுபறி. 48 பேரையும் ஒரே ஹாலில் வைக்க வேண்டும் என்றார் மேடம். ஒருவர் ஒப்படைத்துக் காட்ட மூன்று நிமிடம், திருத்திச் சொல்ல நான்கு நிமிடம், ஆக ஆளுக்கு ஏழு நிமிடம். பதினாறு பேர் என்றால் 112 நிமிடம். 48 பேர் என்றால் 336 நிமிடம், ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். ஒருவர் செய்ய 47 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இந்தக் கணக்கை வெள்ளைத்தாளில் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். அடுத்து, மொழிவாரியாகப் பிரித்துவிடலாமே என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் குறை இருப்பதே தமிழர் எழுதியதை மலையாளி வாங்குமிடத்திலும், மலையாளி எழுதியதைத் தமிழர் வாங்குமிடத்திலும்தான். பிரித்துவிட்டால் அந்த இடத்தையே பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டது போலாகும். கலந்துதான் உட்கார வைத்தோம். ஒவ்வொரு வாரமும் காலை ஷிஃப்ட் முடித்த பதினாறு பேர், 2:30 முதல் 5:30 வரை. ஷிஃப்ட் வாராவாரம் மாறுவதால் மூன்று வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவர்களை மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

இப்போது விலை. வகுப்புக்கான கையேடும் பயிற்சித் தாள்களும் இரு மொழியில் தயாரிக்க நான்கு நாள், 40,000. மூன்று வகுப்பு, வகுப்புக்கு 20,000 என்று 60,000. வகுப்பு மூன்று மணி நேரம்தான், ஆனால் அந்த நாளின் மீதியை வேறு யாருக்கும் விற்க முடியாது, அதனால் வகுப்புக்கான முழு நாள் விலை. பிறகு ஷிஃப்டுக்கு ஒரு முறை ப்ரஸ் பக்கம் நின்று பார்த்துத் திருத்த மூன்று நாள், 30,000. லாமினேட் செய்த ஒப்படைப்பு அட்டைக்கும் அச்சுக்கும் 6,000. ஆறு தடவை போய்வர 9,000. மொத்தம் 1,45,000. இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 26,100. வரி தனி என்பதைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் பர்ச்சேஸ் அதை உள்ளடக்கிய விலையாக எடுத்துக்கொள்ளும்.

பர்ச்சேஸ் மறுபடியும் ஆளுக்கு விலை கேட்டது. 48-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,021. சொல்லிவிட்டால் அடுத்த வரி, 'வந்தவர்களின் எண்ணிக்கைப்படி பில்' என்றிருக்கும். நடந்ததைப் பாருங்கள்: லீவு, ப்ரேக்டவுன் என்று பேட்சுக்குப் பதின்மூன்று பேர்தான் வந்தார்கள், மொத்தம் 39. ஆள் கணக்கில் 1,17,819 மட்டுமே கிடைத்திருக்கும். என் செலவோ ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதனால், பேட்சுக்கு விலை, பேட்சில் அதிகபட்சம் பதினாறு பேர், குறைந்தாலும் விலை அதே. இப்படியே கொட்டேஷனில் எழுதினேன்.

"1,20,000-க்கு முடிச்சுக்கலாம் சார், வேற கொட்டேஷனும் இருக்கு," என்றார் பர்ச்சேஸ் ஆபீஸர். இந்த இடத்தில் தொகையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது ஏற்றிச் சொன்ன விலை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அடுத்த வருடமும் அங்கிருந்துதான் பேரம் தொடங்கும். குறைத்த விலைக்கு எந்த வேலை போகும் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து அனுப்பினேன். முதல் பத்தி முழுசாக 1,45,000. இரண்டாவதில் ப்ரஸ் பக்கம் நிற்பது மூன்று நாளுக்குப் பதில் ஒரு நாள்; கட்டணத்தில் 20,000, இரண்டு பயணத்தில் 3,000 போக 1,22,000. எதை எடுப்பது என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு ஷிஃப்டை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டு முதல் பத்தியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பிஓ, வந்ததும் இரண்டு இடத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, தள்ளிவைக்கும் நிபந்தனை. 48 மணி நேரத்துக்குள் வகுப்பைத் தள்ளினால் பாதிக் கட்டணம் என்று ப்ரொப்போசலில் எழுதியிருந்தேன், பிஓவில் விட்டுவிட்டார்கள். பிஓவில் இல்லாததை அக்கவுன்ட்ஸ் கண்டுகொள்ளாது. திருத்தி வாங்கினேன். இரண்டாவது பேட்ச் முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவசர டிஸ்பேட்ச் என்று தள்ளிப்போனது. 10,000 பில்லில் ஏறியது, யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, பில் யார் பெயரில் என்பது. வகுப்பு நடந்தது கேரளத்தில், என் பதிவும் கேரளத்தில். அதனால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. 9 சதவீதமாகப் பிரித்துப் பில் போட்டேன். திரும்பி வந்தது. பிஓவில் பில் முகவரி சென்னைத் தலைமை அலுவலகம், ஜி.எஸ்.டி. எண் 33-இல் தொடங்குகிறது. ஜி.எஸ்.டி. பதிவுள்ள கம்பெனிக்குப் பயிற்சி கொடுத்தால், வகுப்பு எங்கே நடந்தாலும் வாங்குபவரின் பதிவு எந்த மாநிலமோ அதுதான் கணக்கு. ஆகவே இது மாநிலம் விட்டு மாநிலம், 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. தொகை ஒன்றுதான், தலைப்பு தப்பு. கஞ்சிக்கோடு யூனிட்டின் 32-இல் தொடங்கும் எண் பிஓவில் இருந்திருந்தால் என் முதல் பில்லே சரி. நல்லவேளையாக அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், ஜி.எஸ்.டி.ஆர்.-1 ரிட்டர்ன் போடுவதற்கு முன் தெரிந்தது. பில்லை மாற்றிப் போட்டேன். டி.டி.எஸ். 10 சதவீதம் பிடித்தார்கள், வரிக்கு முந்தைய தொகையில் மட்டும். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனி வரியாகக் காட்டியிருந்தால் அப்படித்தான் பிடிக்க வேண்டும். பணம் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.