இரண்டாம் மொழி கற்றல் தாள்: 'தாய்மொழித் தாக்கம்' என்று எழுதுவதற்கு முன்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.ஏ. மொழியியலில் அரியராக நின்ற இரண்டாம் மொழி கற்றல் தாளும், அதோடு சேர்ந்த ப்ராஜெக்ட்டும் இந்த முறை தேறிவிட்டன. இரண்டு நாளாக நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒரு வருடம் போனதற்குக் காரணம் ப்ராஜெக்ட்டில் நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியம். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும். இடைமொழி என்றால் என்ன, 1972-ல் செலிங்கர் சொன்ன ஐந்து செயல்முறைகள் எவை என்பதெல்லாம் உங்கள் நோட்ஸிலேயே இருக்கும், விட்டுவிடுகிறேன்.

அந்த வாக்கியம் இதுதான்: "தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, ஆகவே இம்மாணவர்கள் ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிளை விடுவது தாய்மொழித் தாக்கமே."

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் 40 கட்டுரைகளைச் சேகரித்து, தட்டச்சு செய்து, பிழைகளைக் குறித்து, கணக்கும் போட்டிருந்தேன். உழைப்பில் குறை இல்லை. வைவாவில் வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "இங்கிலாந்தில் பிறந்த இரண்டு வயதுக் குழந்தையும் பேச ஆரம்பிக்கும்போது ஆர்ட்டிகிளை விடுகிறதே. அதற்கு எந்தத் தாய்மொழியின் தாக்கம், சொல்லும்மா?" எனக்குப் பதில் வரவில்லை. "தமிழில் இல்லையே சார்" என்று மறுபடியும் அதையேதான் சொன்னேன். "அது காரணமாக இருக்கலாம் என்பது உன் ஊகம். சான்று எங்கே?" என்றார். ப்ராஜெக்ட் திரும்பி வந்தது.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அவர் கேட்டது சரி என்று படுகிறது. ஒரே தாய்மொழிக்காரர்களின் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு எண்ணினாலும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றுதான் தெரியும். ஏன் செய்கிறார்கள் என்பது அதில் தெரியாது. ஆங்கிலம் கற்கும் எல்லோரும் கடந்து போகிற ஒரு படியாகவும் அது இருக்கலாம்.

அப்புறம்தான் ஸ்காட் ஜார்விஸ் 2000-ல் எழுதிய கட்டுரையை ஒழுங்காகப் படித்தேன். தாய்மொழித் தாக்கம் என்று சொல்ல அவர் மூன்று சான்றுகள் கேட்கிறார். ஒரே தாய்மொழிக் குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். வேறு தாய்மொழிக் குழு, மற்ற எல்லாம் சமமாக இருந்தும், வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். மூன்றாவதாக, இடைமொழியில், அதாவது கற்கும் மொழியை அவர்கள் கையாளும் வடிவத்தில், செய்வதும் தங்கள் தாய்மொழியில் செய்வதும் ஒத்துப்போக வேண்டும். என்னிடம் முதலாவது அரைகுறையாக இருந்தது; மற்ற இரண்டும் இல்லவே இல்லை.

தேர்வில் இந்த மூன்றையும் வெறுமனே பட்டியல் போட்டால் பாதி மதிப்பெண்தான் வரும். ஒரு நிகழ்வை வைத்து விளக்குங்கள். நான் எழுதியது ஃபின்லாந்து. ஃபின்னிஷ் பேசுகிறவர்களும், சிறுபான்மையாக ஸ்வீடிஷ் பேசுகிறவர்களும் வாழும் நாடு அது. இரு சாராரும் ஒரே கல்வி முறையில் ஆங்கிலம் படிக்கிறார்கள். தாய்மொழிகள் மட்டும் உறவே இல்லாதவை. ஸ்வீடிஷில், ஆங்கிலத்தின் 'ஆன்', 'இன்' போலவே, பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக முன்னிடை வரும். ஃபின்னிஷில் இடத்தைக் காட்டுவது பெரும்பாலும் வேற்றுமை உருபு. நாம் 'புல்வெளியில்' என்று ஒட்டிச் சொல்வது போல அவர்கள் 'நுர்மிகோல்லா' என்பார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ல்லா'தான் உருபு.

ஜார்விஸும் டெரன்ஸ் ஆட்லினும் இந்த இரு குழுப் பள்ளி மாணவர்களுக்கும் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்திலிருந்து ஒரு காட்சியைக் காட்டி, பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன தரவை ஆராய்ந்தார்கள். காட்சியில் இருவர் புல்தரையில் போய் உட்காருகிறார்கள். 'ஆன்' என்ற முன்னிடையே இல்லாமல் 'தே சாட் த கிராஸ்' என்கிற மாதிரி எழுதியவர்கள் ஃபின்னிஷ்காரர்கள்தான். ஸ்வீடிஷ்காரர்கள் தப்பான முன்னிடையைப் போட்டாலும், ஏதாவது ஒன்றைப் போட்டார்கள். கற்போர் எல்லோரும் கடக்கும் படிதான் இது என்றால், ஸ்வீடிஷ் மாணவர்களும் அதில் சிக்கியிருக்க வேண்டும். இரண்டாவது சான்று இங்கே கண்ணெதிரே நிற்கிறது. அதே காட்சியைத் தாய்மொழியில் எழுதிய ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் குழுக்களும் அந்தத் தரவில் இருந்ததால் மூன்றாவதற்கும் வழி இருந்தது. என் விடைத்தாளில் இந்த ஒரு எடுத்துக்காட்டுக்கு மட்டும் இரண்டு பக்கம் கொடுத்தேன்.

இனி ப்ராஜெக்ட். எனக்கும் ஓர் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று தேடியபோதுதான் தெரிந்தது, ஆர்ட்டிகிளை வைத்துக்கொண்டு நம் ஊரில் இதைச் செய்யவே முடியாது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, உருது எதிலும் ஆங்கிலத்தின் 'த' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. எந்தக் குழுவை எடுத்தாலும் இரண்டாவது சான்று கிடைக்காது. ஆகவே ஆராயும் இலக்கணக் கூற்றையே மாற்றினேன். நம் வினைச்சொல் எழுவாயைக் காட்டும்: போகிறேன், போகிறாள். மலையாளத்தில் 'ஞான் போகுன்னு', 'அவள் போகுன்னு', இரண்டுக்கும் ஒரே வடிவம். ஆங்கிலத்தில் 'ஷி கோஸ்' என்பதன் கடைசி எஸ்ஸை விடுவது தாய்மொழித் தாக்கம் என்றால், மலையாள மாணவர்கள் நம்மவர்களைவிட அதிகமாக விட வேண்டும். எல்லையோரத்தில் தமிழ், மலையாளம் இரண்டு பிரிவும் உள்ள ஒரு பள்ளியில், ஒரே வகுப்பு, ஒரே ஆங்கிலப் பாடநூல், ஒரே நேரம் வைத்து எழுத வைத்தேன். தலைப்பு 'என் அம்மாவின் ஒரு நாள்'. இந்தத் தலைப்புக்குக் காரணம் இருக்கிறது. 'பிளாஸ்டிக்கைத் தடை செய்யலாமா' என்று கேட்டால் படர்க்கை ஒருமை வினை அபூர்வமாகத்தான் வரும். கதை எழுதச் சொன்னால், 'ஷி கம்' என்பது எஸ் விட்டதா, இறந்தகாலம் விட்டதா என்று தெரியாது. தினசரி வழக்கத்தை எழுதச் சொன்னால் இரண்டு சிக்கலும் பெரும்பாலும் தீரும்.

முடிவு: இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விட்டன. அதையே எழுதினேன்: இந்தத் தரவில் தாய்மொழித் தாக்கத்துக்குச் சான்று இல்லை, கற்போர் பொதுவாகக் கடக்கும் வளர்ச்சிப் படி என்ற விளக்கமே பொருந்துகிறது. வேறுபாடு கிடைக்காவிட்டால் ப்ராஜெக்ட் தோற்றுவிடும் என்று பயப்படாதீர்கள். இந்த முறை வைவாவில் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் பேசினோம்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை:

- விடுபட்டதைத் தேட முடியாது. இல்லாத சொல்லுக்கு, தரவில் சொற்களைத் தேடித் தரும் AntConc மென்பொருள் எதுவும் காட்டாது. அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். முன்னிடை விடுபட்டதா என்று பார்க்க, வினையை அடுத்து நேராக ஆர்ட்டிகிள் வரும் இடங்களை இப்படி எடுக்கலாம்:

```
\b(sit|sits|sat|sitting)\s+(the|a|an)\b
```

- வந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். ஆர்ட்டிகிளும் சேர்ந்து விடுபட்ட வரி இந்தத் தேடலில் வராது. அதற்கு வினையை மட்டும் தேடி முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

- பிழைகளை மட்டும் எண்ணாதீர்கள். எஸ் வர வேண்டிய இடங்கள் எத்தனை, அதில் வந்தவை எத்தனை என்று எழுதுங்கள். ஒருவர் 4 பிழை, இன்னொருவர் 10 பிழை என்றால் முதலாமவர் தேவலை என்று தோன்றும். முதலாமவருக்கு 5 இடம்தான் இருந்தது, மற்றவருக்கு 50 என்றால் கதை தலைகீழ்.

- மொத்தமாகக் கூட்டி ஒரு விழுக்காடு போடாமல் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாகப் போடுங்கள். நீளமாக எழுதிய ஒருவர் குழு முழுவதையும் இழுத்துவிடுவார். ஜார்விஸின் முதல் சான்றுக்கும் இந்தத் தனி எண்கள்தான் வேண்டும்.

அடுத்தது ஃபாசிலைசேஷன், பிழை உறைந்துபோவது. என் நண்பர்கள் பலர் மதிப்பெண் விட்டது இங்கேதான். சில்வியான் கிரேஞ்சர் தொடங்கிய ICLE தரவகத்தை எடுத்து, "உயர்நிலை மாணவர்களிடமும் இப்பிழை இருக்கிறது, ஆகவே உறைந்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தரவகத்தில் பல தாய்மொழிகளைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்களின் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் அது ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்தது அல்ல. ஒருவர் ஒரு சமயத்தில் எழுதியதைப் பார்த்து அவர் நின்றுவிட்டாரா, நடந்துகொண்டிருக்கிறாரா என்று சொல்ல முடியாது. தாய்மொழிக் குழுக்களை ஒப்பிட அது அருமையான தரவு, உறைந்ததை நிறுவ உதவாது.

அதற்கு டோனா லார்டியர் ஆராய்ந்த பேட்டி என்ற பெண்ணைச் சொல்லுங்கள் (புனைபெயர்தான்). சீனமொழி பேசி வளர்ந்தவர், அமெரிக்காவில் குடியேறி ஆங்கிலச் சூழலிலேயே வாழ்ந்தவர். அங்கே சுமார் பத்து வருடம் இருந்த பிறகு ஒரு பதிவு. ஏறக்குறைய ஒன்பது வருடம் கழித்து மறுபடியும் பதிவுகள். இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் அவர் அதைக் காட்டியது முதலிலும் சுமார் 34 விழுக்காடு, பிறகும் சுமார் 34 விழுக்காடு. இரண்டு காலப்புள்ளி, நடுவில் நீண்ட இடைவெளி, நிறைய ஆங்கிலம், அசையாத எண். உறைந்தது என்று சொல்ல இந்த அளவுக்காவது வேண்டும்.

இதில் நான் கோடு போட்டு வைத்திருந்த விஷயம் வேறு. அதே பேட்டி 'ஹி', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வேற்றுமைகளில் தவறே செய்யவில்லை. ஆகவே 'உறைந்த கற்போர்' என்று ஆளைச் சொல்லக் கூடாது. உறைவது ஒரு கூறுதான். இன்னொன்று, பேச்சைவிட எழுத்தில், அவருடைய மின்னஞ்சல்களில், இறந்தகால விகுதி கணிசமாக அதிகம் வந்தது. 'வாக்ட்' என்பதன் கடைசியில் இரண்டு மெய்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. சீனத்தில் அப்படி முடியும் சொல் கிடையாது. அப்படியானால் பேச்சில் விகுதி விழுவதில் ஒரு பங்கு ஒலியமைப்பின் வழியாகவும் வந்திருக்கலாம். தாய்மொழித் தாக்கத்தையும் உறைதலையும் சேர்த்துக் கேட்கும் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் இதைத்தான் எழுதினேன்.

ப்ராஜெக்ட் இன்னும் தொடங்காதவர்கள் தலைப்பை வைத்துவிட்டு மாணவர்களைத் தேடாதீர்கள். உங்களுக்குப் போக முடிகிற பள்ளியில் எந்த இரண்டு தாய்மொழிகள் ஒரே வகுப்பில் உட்காருகின்றன என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டும் எந்த இலக்கணக் கூற்றில் வேறுபடுகின்றன என்று பிறகு பாருங்கள். அதே தலைப்பில் அவர்களைத் தாய்மொழியிலும் ஒரு பக்கம் எழுத வைத்து வாங்கிவிடுங்கள். நான் அதை வாங்காமல் வந்து, மறுபடியும் பேருந்து ஏறிப் போக வேண்டியதாகிவிட்டது.