ஓகஸ்ட் கணக்கில் கூடிப்போன ஐந்து இலட்சம்

செப்டெம்பர் 8, திங்கள்

பயிற்சிக்கு வந்திருக்கும் இந்த அலுவலகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கிறது. கீழே பொதி கட்டும் அறை, மேலே நாங்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி எல்லாம் ஒன்லைனில் நாடு முழுக்கப் போகிறது. கீழே தூள் நிறுக்கத் தொடங்கினால் மேலே எல்லோரும் தும்முவோம்.

இன்று மனேஜர் அக்கா கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஓகஸ்ட் மாத விற்பனை 1,864,300 ரூபா.

"பிள்ளை, இதை நான் நம்பேல்லை."

முதலாளி நம்புகிறார். நல்லூர்த் திருவிழா நடந்த மாதம், வெளிநாட்டுச் சனம் வந்து நின்ற மாதம், கூடத்தானே செய்யும் என்கிறார். அக்காவிடம் இருப்பது ஒரு சீஆர் கொப்பி. வங்கிக்கு வந்தது, கூரியர்காரர் வீட்டு வாசலில் வாங்கி அனுப்பியது என்று ஓகஸ்ட் ஓடர்களுக்கு வந்த காசையெல்லாம் அதில் கையால் எழுதி வைத்திருக்கிறார். கூரியர் தன் கூலியாகக் கழித்ததையும் திருப்பிக் கூட்டித்தான் எழுதுவார். கூட்டுத்தொகை 1,341,900.

ஐந்து இலட்சத்துக்கு மேல் வித்தியாசம். "காசு பிந்தி வரும் எண்டு சொல்லலாம். தூள் பிந்தி வருமே?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "மில்லில அரைச்சது 330 கிலோ. மாதத் தொடக்கத்தில இறாக்கையில 14 கிலோ கிடந்தது. 412 கிலோ வித்ததெண்டு ரிப்போட் சொல்லுது. மிச்சம் ஆற்றை தூள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பிடித்துப்போனது.

செப்டெம்பர் 9, செவ்வாய்

ரிப்போட்டின் பின்னால் என்ன ஓடுகிறது என்று பார்க்க அனுமதி கிடைத்தது, வாசிக்க மட்டும். எதையும் மாற்ற முடியாது. எனக்கும் அது நிம்மதிதான்.

உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

```sql
SELECT SUM(total) FROM orders
WHERE order_date >= '2025-08-01'
  AND order_date <  '2025-09-01';
```

திகதி சரி. முதலில் எனக்கு வந்த சந்தேகம் இரட்டிப்பு. ஓடரில் எத்தனை பொருள் இருக்கிறதோ அத்தனை தடவை மொத்தத்தைக் கூட்டிவிடும் தவறு அடிக்கடி நடக்கும், கம்பஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே ஓடர் அட்டவணை மட்டும்தான் இருக்கிறது, வேறெதனுடனும் இணைக்கவில்லை. ஆகவே அது இல்லை.

அப்புறம்தான் இந்த வரிகளில் ஓடரின் நிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது கண்ணில் பட்டது. நிலைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன்:

```sql
SELECT status, COUNT(*), SUM(total) FROM orders
WHERE order_date >= '2025-08-01'
  AND order_date <  '2025-09-01'
GROUP BY status;
```

வந்த விடை:

```
delivered   451   1382600
shipped      38    117400
cancelled    71    214900
canceled     43    128200
NULL          9     21200
```

மொத்தம் 612 ஓடர், 1,864,300 ரூபா. ஒரு ரூபாவும் பிசகாமல் ரிப்போட்டில் இருந்த அதே தொகை. அதாவது வேண்டாமென்று விட்ட ஓடரும், வாசலில் வாங்காமல் திருப்பிவிட்ட பொதியும் வருமானத்துக்குள் போய் இருக்கின்றன. இரண்டு எழுத்துக்கூட்டலையும் சேர்த்தால் 114 ஓடர், 343,100 ரூபா. ஒன்று எங்கள் தளத்தில் வாடிக்கையாளர் தானே இரத்துச் செய்யும்போது பதிவது. ஒரு 'l' குறைந்த மற்றது கூரியர் அனுப்பும் தாளிலிருந்து ஏறுவது. ஒன்றை மட்டும் வடிகட்டியிருந்தால் மற்றது தப்பியிருக்கும்.

செப்டெம்பர் 10, புதன்

343,100 என்றதும் அக்கா உடனே சந்தோஷப்படவில்லை. "சரி, மிச்சம்?" என்றார். கொப்பிக்கும் ரிப்போட்டுக்கும் வித்தியாசம் 522,400. ஒரு காரணம் கண்டவுடன் முழுவதையும் அதன் தலையில் போட்டுவிட முடியாது, நியாயம்தான்.

இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். அனுப்பியும் இன்னும் கொடுபடாதது என்று நிற்கும் 38 ஓடரின் 117,400 ரூபா கொப்பிக்கு வர நியாயமில்லை. பெரும்பாலும் மாதக் கடைசியில் போனவை. கூரியர் தாள் கிழமைக்கு ஒருமுறைதான் ஏறும். கொடுபட்டும் காசு இன்னும் கூரியரிடமே இருப்பவை அவர்களின் கடைசித் தாளில் 40,700. நிலையே எழுதப்படாத ஒன்பது ஓடர் 21,200.

343,100, 117,400, 40,700, 21,200. அக்கா கல்குலேற்றரைத் தொடாமல் பென்சிலால் கூட்டினார். 522,400.

அதற்குப் பிறகும் எழும்பிக் கீழே போனார், தூளுக்காக. இரத்தான ஓடர்களில் இருந்த மிளகாய்த்தூளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்திருந்தேன்: 83 கிலோ. 412 இல் அதைக் கழித்தால் 329. இருந்ததும் அரைத்ததும் 344. அப்படியென்றால் மாத முடிவில் இறாக்கையில் 15 கிலோ, அரைக் கிலோ பக்கற்றாக 30 இருந்திருக்க வேண்டும். கீழே வேலை செய்யும் அன்ரி மாதக் கடைசியில் எண்ணி எழுதிய மட்டையை எடுத்துத் தந்தார். 29. "ஒண்டு வெடிச்சுப் போச்சு, அதை நான் கறிக்கு எடுத்தனான்" என்றார் வெட்கப்படாமல்.

காசு ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கணக்கும் ஒரே இடத்துக்கு வந்தபிறகுதான் அக்கா கொப்பியை மூடினார்.

செப்டெம்பர் 12, வெள்ளி

ஏன் இத்தனை நாள் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது இன்று விளங்கியது. ரிப்போட்டை எழுதியபோது காசை முன்னமே வங்கியில் கட்டினால்தான் பொதி போகும். அந்தக் காலத்தில் ஓடர் என்றாலே விற்பனைதான். இந்த வருடம் ஏப்ரலில்தான் வாசலில் காசு கொடுக்கும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள். மாதமாதமாக எடுத்துப் பார்த்தேன். மார்ச் வரை இரத்தானது நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாதான். ஓகஸ்டில் பதினெட்டு. ஆக, எழுதிய அண்ணாவில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. வியாபாரம் மாறியது, அந்த வரிகள் மாறவில்லை.

தளத்தைப் பராமரிக்கும் கொழும்புப் பொடியன் பின்னேரமே திருத்தத்தை அனுப்பிவிட்டார். ஒரே ஒரு வரி கூட்டியிருந்தார்:

```sql
AND status NOT IN ('cancelled', 'canceled')
```

ஓட்டிப் பார்த்தால் சரியாக 1,500,000. இவ்வளவு அழகான தொகை வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? 1,864,300 இல் 343,100 போனால் 1,521,200 அல்லவா வரவேண்டும்! குறைந்தது 21,200. நிலை எழுதப்படாத அந்த ஒன்பது ஓடரேதான். NULL என்பதை எதோடு ஒப்பிட்டாலும் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. ஆம் என்று வந்த வரிகளை மட்டும் எடுக்கும் WHERE, அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். `OR status IS NULL` என்று அடைப்புக்குள் சேர்த்தால் திரும்பி வந்துவிடும்.

ஆனால் அவற்றைச் சேர்க்க வேண்டுமா என்பது கணினிக்குரிய கேள்வியில்லை. அக்கா ஒன்பது ஓடரையும் பார்த்த உடனே சொன்னார்: போனில் வந்தவை, பழைய படிவத்தில் பதிந்தவை, அதில் நிலைக்கு இடமே கிடையாது. ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துக் கேட்டார். எல்லோருக்கும் பொதி போய்ச் சேர்ந்திருக்கிறது. காசு கடைப் பெட்டியில்தான் விழுந்திருக்கிறது, கொப்பியில் ஏறவில்லை. அதற்கு அக்கா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

செப்டெம்பர் 15, திங்கள்

புதுக் கூரியர் தாள் ஏறியது. வழியில் நின்ற 38 இல் 33 கொடுபட்டுவிட்டது, ஐந்தை வாங்காமல் திருப்பிவிட்டார்கள், 14,300 ரூபா. திருத்திய ரிப்போட் வெள்ளிக்கிழமை 1,521,200 என்று காட்டியது, இன்று 1,506,900 என்கிறது.

"அப்ப போன மாதக் கணக்கு இந்த மாதமும் மாறிக்கொண்டே இருக்குமோ?" என்று அக்கா கேட்டார்.

ஓடர் போட்ட திகதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் மாறும். மாதம் முடிந்த மறுநாள் பார்ப்பவருக்கு ஒரு தொகை, பத்து நாள் கழித்துப் பார்ப்பவருக்கு வேறொன்று. இரத்தானதை வடிகட்டுவது பாதி வேலைதான் என்று அப்போதுதான் உறைத்தது. பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த திகதியை வைத்து விற்பனையைக் கணக்கிட்டால், ஓகஸ்டில் போட்டு செப்டெம்பரில் வாங்கிய ஓடர் செப்டெம்பருக்குப் போகும். ஓகஸ்ட் அசையாது. கணக்குப் பார்க்க வரும் ஐயாவும் அதைத்தான் சொன்னார்: பொருள் கைமாறாமல் வருமானம் எழுதக்கூடாது. வாங்கியபின் திருப்பித் தந்தால் அதை அந்த மாதத்தில் கழிவாகத் தனியே காட்ட வேண்டும், பழைய மாதத்துக்குள் கை வைக்கக்கூடாது.

செப்டெம்பர் 18, வியாழன்

முதலாளியுடன் கூட்டம். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "இரத்தான ஓடர் எல்லாத்தையும் அழிச்சு விடுங்கோ, கணக்கு துப்புரவாகும்" என்றார். அக்கா விடவில்லை. அழித்தால் எந்த ஊரில் கூடத் திரும்புகிறது, எந்தப் பொருள் திரும்புகிறது என்று கேட்க ஒன்றுமே மிஞ்சாது. கூரியர் திரும்பி வந்த பொதிக்கும் கூலி கழிக்கிறார், அதைச் சரிபார்க்கவும் அந்த வரிகள்தான் வேண்டும். எனக்கு அக்கா பக்கம்தான் சரியெனப் பட்டது, ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

முடிவில், ரிப்போட்டில் இனி மூன்று வரிகள் இருக்கும்: வந்த ஓடர், இரத்தானது, கைக்குப் போய்ச் சேர்ந்தது. விற்பனை என்ற பெயர் மூன்றாவதற்கு மட்டும். நிலைக்கு இனித் தட்டெழுத இடமில்லை, பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்துதான் ஆகவேண்டும். போன் ஓடர் படிவத்துக்கும் அதே பட்டியல்தான்.

ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு மாதத்தையும் திரும்பப் போடும் வேலை என் தலையில். அதோடு அக்கா வேறொன்றும் கேட்டிருக்கிறார்: ஓகஸ்டில் இரத்தான 114 இல் ஒரே போன் இலக்கத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு தடவை வந்தவை எத்தனை? ஓடர் கிடைத்தது என்ற குறுஞ்செய்தி பிந்திப் போவதால் சனம் திரும்பவும் அமத்துகிறது என்பது அவருடைய சந்தேகம்.