"சாட்லயே பேசிக்குவோம்" என்றவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினேன்

கடைசிப் பணம் இப்போதுதான் பேநவ்வில் வந்தது. மனசு லேசாகிவிட்டது.

சிங்கப்பூர் தேக்காவில் ஓர் உணவகம், மெனு கார்டு வடிவமைக்கும் வேலை. விலை பேசுவதில் தகராறே இல்லை. கொட்டேஷனில் கையெழுத்து கேட்டதும், "அதெல்லாம் எதுக்கு தம்பி? வாட்ஸ்அப்லயே பேசிக்குவோம்" என்றார் முதலாளி. அதன்பின் எல்லாமே குரல் பதிவுகள். ஒன்றில் எட்டுப் பக்கம் என்பார், அடுத்ததில் "பேனரும் அப்படியே போட்ருங்க" என்பார்.

இங்கே சாட்டில் பேசி முடித்தாலும் ஒப்பந்தம் செல்லும். ஆனால் எதற்குச் சம்மதித்தார் என்று காட்ட வேண்டுமே! அதனால் அவர் வழியிலேயே போய், எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதினேன்:

"அண்ணே, நாம பேசினபடி: மெனு கார்டு 8 பக்கம், தமிழ், ஆங்கிலம். திருத்தம் 2 முறை. மொத்தம் 1,200 வெள்ளி. பாதி முன்பணம், மீதி பிரிண்ட் ஃபைல் தரும்போது. படம் எடுப்பது, அச்சுச் செலவு, பேனர் இதில் இல்லை. இந்தச் செய்திக்கே 'சம்மதம்'னு பதில் போடுங்க, வேலையை ஆரம்பிச்சிடறேன்."

'இதில் இல்லை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தகராறு வருவதெல்லாம் அங்கேதான்.

பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பதால் நான் ஏற்கவில்லை. "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டார். "நாளைக்கு உங்க மேனேஜர் கேட்டாலும் இதையே காட்டலாம்ணே" என்றேன். ஒருவழியாக, என் செய்தியை இழுத்து அதற்கே 'சம்மதம்' என்று பதில் போட்டார்.

அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த சாட்டில் செய்திகள் 7 நாளில் தானாக மறையும்படி வைத்திருந்தார்! அதை நானே அணைத்தேன். ஆனால் ஏற்கெனவே அனுப்பிய செய்திகள் எப்படியும் மறைந்துவிடும். அதனால் மறுபடி அனுப்பி, மறுபடி 'சம்மதம்' கேட்டு வாங்கினேன். திட்டினார்தான், ஆனாலும் போட்டார். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து என் மின்னஞ்சலில் வைத்தேன். முன்பணம் வந்த பிறகுதான் வேலையைத் தொட்டேன்.

பணம் வராமல் போனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் ஆதாரத்தைத்தான் கேட்பார்கள்.

அதுவரை போகவில்லை. பாதி வேலையில் "பேனர் எங்க தம்பி? சேர்த்துத்தானே பேசினோம்" என்றார். வாதாடாமல் அந்தச் செய்தியையே மேற்கோள் காட்டி, "பேனர் தனியா 250 வெள்ளிண்ணே, சரின்னா 'சம்மதம்' போடுங்க" என்று எழுதினேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு வந்தது குரல் பதிவு அல்ல, எழுத்தில் 'சம்மதம்'.